இருபது பாத்திக்கு எவ்வளவு பணம்? வயல் ஆய்வுத் திட்டத்தில் பட்ஜெட் விளக்கம் எழுதுவது

[திரையில்: கையால் வரைந்த வயல் வரைபடம். நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம்.]

வணக்கம். சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சின்ன ஆய்வுத் திட்டம் ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்தது. "வயலில் 20 பாத்தி, மண் பரிசோதனைக்கு 5 மாதிரி. மீதி 15 எங்கே?" அவ்வளவுதான். பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, ஆய்வின் அடித்தளத்தையே நான் அறுத்திருந்தேன் என்பது அந்த வரியைப் படித்த பிறகுதான் உறைத்தது.

அதனால் இந்த வீடியோவில் ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பட்ஜெட் விளக்கத்தில் வரும் ஒவ்வொரு ரூபாயும் இந்த வரைபடத்திலிருந்து கிளம்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மார்கழிப் பட்டத்து இறவை நிலக்கடலை. பூவிலிருந்து கீழே நீளும் விழுது மண்ணில் இறங்கியபின், அதன் நுனியில் உருவாகும் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சுகிறது. அங்கே கால்சியம் குறைந்தால் பருப்பு பிடிக்காத பொக்குக் காய் கூடும். அதனால்தான் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தை 45ஆம் நாள் வாக்கில் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். நம் கேள்வி, எப்போது, எவ்வளவு போட்டால் நல்லது என்பது. ஐந்து ட்ரீட்மென்ட்: ஜிப்சமே இல்லை, முழுதும் அடியுரமாக, முழுதும் 45ஆம் நாள், பாதி பாதியாக இரு முறை, 45ஆம் நாள் பாதி அளவு மட்டும். ஒவ்வொன்றும் நான்கு ரெப்ளிகேஷன், அதாவது வரிசைக்கு ஒரு முறை வீதம் நான்கு முறை. ஆக 20 பாத்தி, ஒரு பாத்தி 20 சதுர மீட்டர். இரண்டு பருவம்.

[திரையில்: ஒரு பாத்திக்கு 0.8 கிலோ.]

முதலில் ஜிப்சம். ஹெக்டேருக்கு 400 கிலோ என்றால் ஒரு பாத்திக்கு 800 கிராம். அப்படி 12 பாத்தி, 400 கிராம் வீதம் 4 பாத்தி. மொத்தம் 11.2 கிலோ. இரண்டு பருவத்துக்கும் சேர்த்து ஒரு ஐம்பது கிலோ மூட்டையில் பாதிகூட ஆகாது! ஆய்வே ஜிப்சத்தைப் பற்றியது, ஆனால் பட்ஜெட்டிலேயே மலிவான பொருள் அதுதான். விதையும் அப்படியே. பாத்திகளுக்கு 5 கிலோ பருப்பு, ஓரங்களுக்கும் சேர்த்து 8 கிலோ போதும். "இடுபொருள்: ரூ. 50,000" என்று மொத்தமாக எழுதியிருந்தால், மதிப்பீட்டாளர் மனக்கணக்கிலேயே பிடித்துவிடுவார்.

பணம் உண்மையில் போவது இரண்டு இடத்தில். பரிசோதனைக்கூடத்தில், கூலியில்.

[திரையில்: வரைபடத்தின் 20 கட்டங்களிலும் ஒவ்வொரு மண் பை.]

விதைக்கும் முன் வரிசைக்கு ஒன்றாக 4 மண் மாதிரி, அறுவடைக்குப் பின் பாத்திக்கு ஒன்றாக 20. ஆக 24. கால்சியம், கந்தகம் இரண்டும் பார்க்க மாதிரிக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 14,400. பருப்பில் எண்ணெய்ச் சத்து பார்க்க 20 மாதிரி, தலா 500, 10,000. பருவத்துக்கு 24,400. நான் இங்கே சொல்லும் விலையெல்லாம் கணக்குக்காக. உங்கள் திட்டத்தில் கூடத்திடம் வாங்கிய விலைப்புள்ளியை வைத்து எழுதி, அதன் தேதியையும் குறிப்பிடுங்கள்.

இந்தத் தொகையைப் பார்த்ததும்தான் கை நடுங்கும். ஒரே ட்ரீட்மென்டின் நான்கு பாத்தி மண்ணையும் கலந்து ஒரு மாதிரியாக அனுப்பினால் 20 ஐந்தாகிவிடுமே என்று தோன்றும். நான் செய்தது அதைத்தான். கலந்த மண்ணில் பாத்திக்குப் பாத்தி இருக்கும் வேறுபாடு கரைந்துபோகிறது. கிடைத்த வித்தியாசம் ஜிப்சத்தால் வந்ததா, நிலத்தின் மேடு பள்ளத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அப்புறம் வழியே இல்லை. புள்ளியியல் கணக்கில் பிழைக்கான டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்று ஒன்று உண்டு; பாத்திக்குப் பாத்தி வரும் வேறுபாட்டை எவ்வளவு நம்பி மதிப்பிடலாம் என்று காட்டும் எண் அது. நம் அமைப்பில் அது (5−1) × (4−1), அதாவது 12. வயல் ஆய்வுகளில் 12க்குக் குறையக் கூடாது என்பது நடைமுறை வழக்கம். ரெப்ளிகேஷனை மூன்றாக்கினால் அது 8 ஆகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தைப் பட்ஜெட் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 20 மாதிரி எதற்கு என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது கூலி. இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம்.

[திரையில் முதல் வடிவம்]
"களப்பணிக் கூலி: ரூ. 40,000. ஆய்வுக்கு மிகவும் அவசியம்."

[திரையில் இரண்டாம் வடிவம்]
"பருவத்துக்கு 40 ஆள் நாள்: பாத்தி கட்ட 6, விதைக்க 4, இரண்டு களையெடுப்புக்கு 10, ஜிப்சம் போட்டு மண் அணைக்க 4, அறுவடைக்கும் காய் ஆயவும் 12, காயவைத்து உடைக்க 4. நாள் கூலி ரூ. 500 வீதம் 20,000. இரு பருவத்துக்கு 40,000. ஒரு வரிசையின் ஐந்து பாத்தியும் ஒரே நாளில் அறுவடையாக வேண்டும் என்பதால், அறுவடை ஆட்கள் இரண்டே நாளில் குவிகிறார்கள்."

தொகை ஒன்றுதான். ஆனால் இரண்டாவதை எழுதியவர் வயலில் நின்றவர் என்று தெரிந்துவிடும். காரணத்தோடு வரும் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். ஒரு வரிசையில் மூன்று பாத்தியை இன்றும் இரண்டை மழைக்குப் பிறகும் பிடுங்கினால், ஈர மண்ணில் அறுந்து தங்கிய காய் எல்லாம் ஜிப்சத்தின் கணக்கில் ஏறிவிடும்.

பயணச் செலவும் இதே மாதிரிதான். "மாதம் நான்கு முறை" என்று எழுதாமல், முளைப்பு எண்ண, பூக்கும்போது, விழுது இறங்கும்போது என்று பயிரின் நாட்களோடு கட்டி எழுதுங்கள். நிறுவனத்தின் மேல்செலவுக்கு, திட்டங்களைக் கோரும் அறிவிப்பில் எத்தனை சதவீதமோ அதுவே.

விவசாயி நிலத்தில் செய்வதானால், மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஜிப்சமே போடாத நான்கு பாத்தியில் விளைச்சல் குறைந்தால் அது அவருக்கு நஷ்டம். அதற்கு ஈடு தரும் தொகையைத் தனி வரியாகப் போடுங்கள். காட்டுப்பன்றி வரும் ஊர் என்றால் வேலியும் தனி வரிதான். பன்றி வரும் என்று தெரிந்திருந்தும் அதை எதிர்பாராச் செலவில் போட்டால், எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? அந்தத் தலைப்பில் மறு விதைப்புக்கான விதையும் நான்கு ஆளும் மாதிரி ஏதாவது நிற்கட்டும்.

[திரையில்: நாள்காட்டி. மார்ச் 31இல் சிவப்புக் கோடு.]

சரி, பலரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். ஜனவரி முதல் வாரம் விதைத்த கடலை 110 நாளில், ஏப்ரல் கடைசியில்தான் கைக்கு வரும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்துவிடும். 40 ஆள் நாளில் 16ம், பருவத்துக்கான பரிசோதனைச் செலவு 24,400இல் 22,000மும் அடுத்த நிதியாண்டில் விழுகிறது. மொத்தத் தொகையைச் சரிபாதியாக வெட்டி "முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு" என்று போட்டால், மார்ச்சில் கையில் பணம் மிஞ்சும், பயன்பாட்டுச் சான்றிதழில் செலவாகாத தொகை என்று நிற்கும், ஏப்ரலில் கூலி கொடுக்க அனுமதிக்காகக் காத்திருப்பீர்கள். கடலை காத்திருக்காது; முற்றிய பிறகு மழை பெய்தால் நிலத்திலேயே முளைக்கத் தொடங்கிவிடும். அக்டோபரில் தொடங்கும் 24 மாதத் திட்டம் மூன்று நிதியாண்டைத் தொடுகிறது. அட்டவணையிலும் மூன்று பத்தி இருக்கட்டும்.

கடைசியாக, மதிப்பீட்டுக் குழு தொகையைக் குறைக்கச் சொன்னால் என்ன செய்வது? எல்லாத் தலைப்பிலும் பத்து சதவீதம் சீவாதீர்கள். அப்படிச் செய்தால் மண் மாதிரி 24 என்பது 21.6 ஆகும், யார் அதை எடுப்பது? எண்ணெய்ச் சத்துப் பரிசோதனையை விட்டால் இரு பருவத்திலும் சேர்த்து 20,000 குறைகிறது. காய் மகசூல், பொக்கு விகிதம், மண்ணில் கால்சியம் மூன்றும் அப்படியே நிற்கின்றன. இதை நீங்களே ஒரு வரியில் முன்கூட்டி எழுதிவிடலாம்: "தொகை குறைக்கப்பட்டால் எண்ணெய்ப் பரிசோதனை கைவிடப்படும், ரெப்ளிகேஷன் குறைக்கப்படாது."

[திரையில்: மீண்டும் அதே வரைபடம், 20 கட்டமும் அப்படியே.]