ஒரே விமானம், பல எண்கள்: தாமதமானால் யாரிடம் கேட்பது?

[திரையில்: புறப்பாட்டுப் பலகை. ஊர், நேரம், வாயில் மாறவில்லை. விமான எண் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.]

ஒரே ஊருக்கு, ஒரே நேரத்தில், ஒரே வாயிலிலிருந்து மூன்று நான்கு விமானங்கள் கிளம்புவதுபோல் பலகை காட்டினாலும், வெளியே நிற்பது ஒரே விமானம்தான். விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்ளும்போது அவற்றில் ஒரே ஓர் அடையாளம்தான் ஒலிக்கும். மற்ற எண்கள் டிக்கெட் விற்பதற்காக மட்டுமே இருப்பவை. இந்த ஏற்பாட்டுக்குக் கோட்ஷேர் என்று பெயர்.

தான் பறக்காத ஊருக்கும் தன் பெயரிலேயே டிக்கெட் விற்க ஒவ்வொரு நிறுவனமும் விரும்புகிறது. செக் ஏர்லைன்ஸ் பிராகிலிருந்து அபுதாபி வரை பறந்தது. அங்கிருந்து பாங்காக் செல்லும் எத்திஹாட் விமானத்தில் தன் எண்ணையும் ஒட்டிக்கொண்டால், பிராக்–பாங்காக் பயணம் முழுவதையும் தன்னுடையதாகவே விற்கலாம். முன்பதிவுத் திரைகள் ஒரே நிறுவனத்தின் இணைப்பு விமானங்களை மேலே காட்டிவந்த காலத்தில், இந்த ஒட்டுவேலைக்கு நல்ல பலன் கிடைத்தது.

இதனால் ஒரு பயணத்தில் இரு தரப்புகள் உருவாகின்றன: டிக்கெட்டை விற்கும் நிறுவனம், விமானத்தை இயக்கும் நிறுவனம். எல்லாம் சரியாக நடக்கும்வரை இந்த வேறுபாடு கண்ணில் படாது.

[திரையில்: பிராக் – அபுதாபி – பாங்காக் வரைபடம்.]

இனி நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். செக் ஏர்லைன்ஸிடம் ஒரே முன்பதிவில் டிக்கெட் வாங்கிய 11 பயணிகள், அதன் விமானத்திலேயே பிராகிலிருந்து குறித்த நேரத்தில் அபுதாபி சென்று இறங்கினார்கள். அடுத்த கட்டத்தை எத்திஹாட் இயக்கியது. அவர்கள் பாங்காக்கை அடைந்தபோது 488 நிமிடங்கள், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல், தாமதமாகியிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இத்தகைய நெடும்பயணத்தில் நீண்ட தாமதத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை இழப்பீடு கிடைக்கும். தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் காரணமாக இருந்தால் கிடைக்காது. ஆனால் அந்த விதி பொறுப்பைச் சுமத்துவது இயக்கும் நிறுவனத்தின் மீதுதான். தாமதமான விமானத்தைத் தான் இயக்கவில்லை என்பதே செக் ஏர்லைன்ஸின் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒரே முன்பதிவில் வாங்கிய இணைப்புப் பயணத்தை ஒரே பயணமாகத்தான் பார்க்க வேண்டும் என்றும், பயணியோடு ஒப்பந்தம் செய்து அதன் முதல் கட்டத்தை இயக்கிய நிறுவனம், இரண்டாம் கட்டத்தில் கூட்டாளி செய்த பிழையைக் காட்டி ஒதுங்க முடியாது என்றும் கூறியது. இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுக் கூட்டாளியிடம் அதைத் திரும்பக் கேட்பது நிறுவனத்தின் பாடு. இரு கட்டங்களையும் தனித்தனி முன்பதிவாக வாங்கியிருந்தால் இந்தத் தீர்ப்பு உதவியிருக்காது.

[திரையில்: நியூவார்க் – ஃபிராங்க்ஃபர்ட்.]

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் செல்ல ஜெர்மன் நிறுவனமான லுஃப்தான்சாவின் எண்ணில் டிக்கெட் வாங்குகிறீர்கள். விமானத்தை இயக்குவது அமெரிக்க நிறுவனமான யுனைடெட். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் விமானத்துக்கு, அதை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் அந்த விதி பொருந்தும். டிக்கெட்டில் லுஃப்தான்சாவின் எண் இருந்தும் பலனில்லை. அதே யுனைடெட் விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கிளம்பினால் விதி பொருந்தும்; புறப்படும் இடம் ஒன்றியத்துக்குள் இருப்பதால் இயக்குவது யார் என்ற கேள்வியே எழுவதில்லை.

ஆகவே டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் OPERATED BY என்ற வரியைப் படியுங்கள். செக்-இன் செய்ய வேண்டியதும் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கவுன்ட்டரில்தான். முன்பதிவுக் குறியீடு ஒவ்வொரு நிறுவனத்திடமும் வேறாக இருக்கலாம்; விற்றவர் தந்த ஆறு எழுத்துகளை இயக்குபவரின் தளத்தில் இட்டு, பதிவே இல்லை என்ற பதிலைக் கண்டு பதறுபவர்கள் பலர். இயக்கும் நிறுவனத்தின் குறியீட்டை விற்றவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டி உடைந்தாலோ தாமதமாக வந்தாலோ நிலைமை சற்று எளிது. இந்தியா 2009 முதல் அங்கம் வகிக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கை, விற்றவர், இயக்கியவர் என்ற இருவரையும் பொறுப்பாக்குகிறது. விற்றவர் பயணம் முழுவதற்கும், இயக்கியவர் தாம் பறந்த பகுதிக்கும் பொறுப்பு. உடைந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள்களுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். இருவரில் யாரிடம் கொடுத்தாலும் அது இருவரிடமும் கொடுத்ததற்குச் சமம். எனவே “அவர்களிடம் போய்க் கேளுங்கள்” என்று கவுன்ட்டரில் சொன்னாலும், அங்கேயே புகாரைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான தேதியிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.