மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன்

வணக்கம். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் பல வருஷம் லீவு மனுக்களைப் பார்த்தவன் நான். கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்திலிருந்து வரும் நம்மவர்கள் ஒருநாள் லீவுக்கே ஸ்கேன் ரிப்போர்ட்டோடு முழு ஃபைலையும் நீட்டிவிடுவார்கள். அது நாலு கை மாறி எங்களிடம் வருவதற்குள் கேன்டீனில் பேச்சாகிவிடும்.

பேக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை கோயமுத்தூரில் மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு தடவை என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசருக்குத் தேவை தேதிகளும், அன்று அந்த இடத்தில் நிற்க ஓர் ஆளும்தான். மனுவில் இவ்வளவு போதும்: "தொடர் சிகிச்சைக்காகக் கீழ்க்கண்ட ஆறு தேதிகளில் விடுப்பு வேண்டும். மருத்துவர் கடிதம் இணைத்துள்ளேன். உடன் வேலை செய்பவர் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துள்ளார்."

டாக்டரிடம் கடிதம் கேட்கும்போதே, நோயின் பெயர் வேண்டாம், வரவேண்டிய நாட்களும் மற்ற நாட்களில் வேலை செய்யலாம் என்பதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இதற்கு அப்புறம்தான். கடிதத்தில் நோய் இருக்காது, ஆனால் தலைப்பில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று அச்சாகியிருக்கும். டாக்டரின் சீலிலும் அதே இருக்கும். ஆஸ்பத்திரியின் பொது லெட்டர்ஹெட்டில் கேட்டு வாங்குங்கள்.

"என்ன அசுகம் சேச்சி?" என்று சூப்பர்வைசர் கேட்பார். பெரும்பாலும் அக்கறைதான். "சிகிச்சை நடக்குது சார், டாக்டர் தேதி எழுதிக் கொடுத்திருக்கார், இதுதான்" என்று தாளைக் காட்டினால் போதும். பாட்டி சாவு, கோயில் கொடை என்று கதை கட்ட வேண்டாம். பொய்க் காரணம் பிடிபட்டால் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி.

சம்பளக் கணக்கையும் முன்னாலேயே பாருங்கள். இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணத்தில் முதல் இரண்டு நாள் கழியும். முன்பு பணம் பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால்தான் அந்தக் கழிவு இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருநாள் போகிறவருக்கு அதனால் ஒன்றும் தேறாது. ஆறு நாளையும் சொந்த லீவில்தான் எடுக்க வேண்டும் என்பதால், ஓணத்துக்கும் பொங்கலுக்கும் லீவைக் கரைத்துவிடாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடக்கூடாது. மருந்தால் மறுநாள் மயக்கமோ கை நடுக்கமோ வந்தால், ஓடும் மெஷினில் நிற்பது ஆபத்து. அப்போதும் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் கட்டிங் மெஷின் வேண்டாம்" என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, தொழிற்சாலை டாக்டர் இருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள். ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிப்போனால் அன்றைக்கே சூப்பர்வைசருக்குத் தெரிவியுங்கள். வாட்ஸாப் குரூப்பில் அல்ல, அவருக்குத் தனியாக.