பெருநாளுக்கு முன்பே அரிசி போய்ச் சேரட்டும்

(தாராவியில், தமிழர் நலக்கூட்டம் ஒன்றில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பள்ளி வேலைக்கு நடுவே வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நாற்காலி, பந்தல் எல்லாம் தந்து உதவிய வியாபாரி சங்கத்து அண்ணாச்சிமார்களே, பக்கத்து வீட்டுச் சொந்தங்களே, வணக்கம்.

நோன்பு மாதத்தில் எங்கள் வீடுகளில் கேட்கும் ஜகாத், ஃபித்ரா, இஃப்தார் என்ற மூன்றைப் பற்றியும் சொல்லச் சொன்னார்கள். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். இந்த மூன்றில் இரண்டு அளந்து கொடுப்பவை.

ஜகாத் நம் சேமிப்பிலிருந்து ஏழைகளுக்குக் கொடுப்பது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் தங்கமோ பணமோ ஓர் ஆண்டு கையில் நின்றால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது லட்சத்துக்கு 2,500 ரூபாய். பெற்ற தாய் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்துக் கழித்துவிட முடியாது, அவர்களைக் காப்பாற்றுவது ஏற்கெனவே நம் கடமை.

ஃபித்ரா அப்படியில்லை, பெருநாளுக்காக ஏழைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அளந்து தரும் உணவு அது. போன வருஷம் எங்கள் தெரு மளிகைக் கடையில் ஓர் அம்மா பதினைந்து கிலோ அரிசி கேட்டார். “என்னம்மா, பெருநாளைக்கு அவ்வளவு பெரிய விருந்தா?” என்றார் அண்ணாச்சி. “இல்லண்ணாச்சி, ஃபித்ரா. வீட்ல ஆறு பேரு.” அண்ணாச்சிக்கு அந்த வீடு நன்றாகத் தெரியும். “புருஷன், பொஞ்சாதி, மாமியார், ரெண்டு பிள்ளைக, அஞ்சுதானே?” அந்த அம்மா சிரித்துக்கொண்டு இடுப்பிலிருந்த கைக்குழந்தையைக் காட்டினார். “இவன் நோன்பு வச்சானாக்கும்?” என்று அண்ணாச்சி கேட்க, கடையே சிரித்தது.

நோன்பு வைக்காத குழந்தைக்கும் உண்டு. வீட்டுப் பொறுப்பாளர் தன் பராமரிப்பில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் ஒரு ‘ஸாவு’ உணவு தர வேண்டும், அரிசியில் ஏறக்குறைய இரண்டரை கிலோ. நாங்கள் பின்பற்றும் ஷாஃபி என்ற மார்க்கச் சட்ட வழியில், பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தேவையானது போக மிச்சமிருந்தால் ஏழை வீட்டுக்கும் இது கடமை. அளந்து போடு என்றது சும்மா இல்லை!

கெடுவது எங்கே என்றால், நேரத்தில். ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும், பிந்தினால் அது சாதாரணத் தர்மம் என்பது நபிமொழி. ஆனால் நம் பகுதியில் பிறை பார்த்த பிறகுதான் மூட்டை கட்டுகிறோம். மறுநாள் மதியம் அரிசி வந்து சேரும் வீட்டில், காலையிலேயே கடன் வாங்கிச் சமைத்து முடித்திருப்பார்கள். ஷாஃபி வழியில் ரமலான் தொடக்கத்திலிருந்தே கொடுக்கலாம்.

இஃப்தாரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். சூரியன் மறைந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்போம், கஞ்சி குடிப்போம், நீங்களும் வாருங்கள். அவ்வளவுதான், நேரம் ஆகிவிட்டது.

தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருபதாம் நோன்பிலிருந்து இந்த மன்றத்தின் வாசலில் ஒரு தராசும் ஒரு நோட்டும் வைக்க அனுமதி தாருங்கள். அண்ணாச்சி மூட்டையை இங்கேயே இறக்கட்டும், வீட்டுக்கு வீடு அளந்து வாங்கி, இருபத்தேழாம் நோன்புக்குள் கொடுத்து முடித்துவிடுகிறோம்.