பின்னலாடை யூனிட் கேள்வி: ரிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மார்க் எங்கே போகிறது?

[திரை: தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் ஒரு சிறிய கூடம்]

வணக்கம். சி.ஏ., சி.எம்.ஏ. எழுதுகிற மாணவர்களுக்காக இன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. கண்டறிதல், மதிப்பிடுதல், கையாளுதல், கண்காணித்தல் என்ற நான்கு படிகளும் புத்தகத்தில் எல்லாருக்கும் தெரியும். விடைத்தாளில்தான் அவை கேள்வியை விட்டு விலகி, தனியாக நிற்கின்றன. அதனால் வகுப்புக்காக நானே ஒரு கேள்வி தயாரித்தேன். முழுசாகப் போட்டுப் பார்க்கலாம்.

திருப்பூரில் ஒரு சின்ன டி-சர்ட் யூனிட். ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாய், லாபம் 30 லட்சம். வங்கியில் கையிருப்பு 25 லட்சம். விற்பனையில் 70 சதவீதத்தை ஜெர்மனியில் இருக்கும் ஒரே பையர் வாங்குகிறார். சரக்கு கப்பல் ஏறி 90 நாளில் பணம் வரும். சாயம் போடுவது வெளியே, ஒரே சாயப்பட்டறையில். போன வருடம் மூன்று லாட்டில் ஷேட் மாறிப்போய், துணி திரும்பவும் பட்டறைக்கே போனது. பையர் பணம் தராவிட்டால் நஷ்டத்தில் 90 சதவீதம் தரும் பாலிசி, ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியிடம் இருக்கிறது. அந்த பையருக்காக இசிஜிசி ஒப்புக்கொண்ட கிரெடிட் லிமிட் 80 லட்சம். இதுதான் கேள்வி.

முதல் படி, கண்டறிதல். பெரும்பாலானவர்கள் இங்கே "கிரெடிட் ரிஸ்க், ஆபரேஷனல் ரிஸ்க்" என்று பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது வெறும் தலைப்பு. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் வந்தால்தான் அது ரிஸ்க். இப்படி எழுதுங்கள்: "விற்பனையில் 70 சதவீதம் ஒரே பையரிடம் கடனாகப் போவதால், அவர் பணம் தராமல் போனால், யூனிட்டின் நடப்பு மூலதனமே முடங்கிவிடும்."

சாயத்துக்கும் அதேபோல. "ஒரே பட்டறையை நம்பியிருப்பதால், ஷேட் மாறினாலோ பட்டறை நின்றாலோ, ஷிப்மென்ட் தேதி தவறும்." பட்டறை நிற்குமா என்று கேட்கலாம். 2011 ஜனவரியில் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேள்வித்தாளில் அது இருக்காது. ஆனால் தொழில் நடக்கிற ஊரைத் தெரிந்தவர் அந்த ஆபத்தைப் பட்டியலில் சேர்ப்பார்.

ஷேட் மாறுவது என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். டி-சர்ட்டின் உடல் ஒரு லாட் துணியில் வெட்டியது, கை இன்னொரு லாட்டில் வெட்டியது. இரண்டும் அதே நேவி ப்ளூதான். கட்டிங் மேஜையின் டியூப் லைட்டில் ஒன்றுபோலவே தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தால், கையில் மட்டும் லேசாகச் சிவப்பு ஓடும். பையர் அதைப் பார்ப்பது பகல் வெளிச்சத்தில். இந்தச் சின்னச் சிவப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

[திரை: வாய்ப்பு × பாதிப்பு, 1 முதல் 5 வரை]

அடுத்தது மதிப்பீடு. வாய்ப்புக்கு 5, பாதிப்புக்கு 5. பையர் பணம் தராமல் போக வாய்ப்பு 2, பாதிப்பு 5. பெருக்கினால் 10. ஷேட் மாறுவது போன வருடமே மூன்று முறை நடந்திருக்கிறது, அதனால் வாய்ப்பு 4. ஒவ்வொரு முறையும் துணியைத் திரும்பச் சாயம் போட நாளாகும், பாதிப்பு 3. பெருக்கினால் 12. அப்படியானால் ஷேட்தான் பெரிய ரிஸ்க்கா?

பெருக்கல் இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது. யூனிட் எவ்வளவு அடி தாங்கும் என்று பக்கத்திலேயே ஒரு கணக்கு போடுங்கள். 6 கோடியில் 70 சதவீதம் 4.2 கோடி. 90 நாள் கடன் என்றால் கிட்டத்தட்ட ஆண்டில் கால் பங்கு, அதாவது எந்த நாளிலும் சுமார் 1.05 கோடி அந்த ஒருவரிடம் நிற்கிறது. அது மூன்றரை வருட லாபம், கையிருப்போ வெறும் 25 லட்சம். 12 மார்க் ரிஸ்க் யூனிட்டை நோகடிக்கும், 10 மார்க் ரிஸ்க் யூனிட்டையே மூடிவிடும். இந்த வாக்கியத்தை விடையில் எழுதுகிற மாணவரின் தாள் தனியாகத் தெரியும்.

மூன்றாவது, கையாளுதல். தவிர்க்கலாம், குறைக்கலாம், மாற்றிவிடலாம், ஏற்றுக்கொள்ளலாம். இந்த பையரைத் தவிர்த்தால் யூனிட்டே இல்லை. அதனால் "காப்பீட்டுக்கு மாற்றுகிறோம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அங்கே நிறுத்தாதீர்கள், மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பாக்கி 1.05 கோடி, லிமிட் 80 லட்சம். பாலிசி தருவது 80 லட்சத்தின் 90 சதவீதம், 72 லட்சம். நம் தலையில் விழுவது 33 லட்சம். கையிருப்பு 25 லட்சம் அதைத் தாங்காது. காப்பீடு இருந்தும் யூனிட் விழுகிறது!

ஆகவே லிமிட்டை 1.10 கோடிக்கு உயர்த்தித் தரும்படி இசிஜிசியிடம் கேட்க வேண்டும். கிடைத்தால் மிச்ச ரிஸ்க் 1.05 கோடியில் 10 சதவீதம், 10.5 லட்சம். அதைக் கையிருப்பு தாங்கும், ஏற்றுக்கொள்ளலாம். லிமிட் உயராவிட்டால், பாக்கி 80 லட்சத்தைத் தாண்டாதபடி ஷிப்மென்ட்டைக் குறைக்க வேண்டும், அல்லது ஒரு பகுதிக்கு அட்வான்ஸ் வாங்க வேண்டும்.

இப்போது அந்தச் சிவப்புக்கு வருவோம். பையர் திவாலாகி, அல்லது காலம் கடந்தும் தராமல் போனால்தான் இந்த மாதிரி பாலிசி பணம் தரும். "ஷேட் சரியில்லை, அதனால் தரமாட்டேன்" என்று பையர் தகராறு செய்தால் அது சரக்கின் தரம் பற்றிய தகராறு. அவர் நாட்டு நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்காதவரை கிளெய்ம் நிற்காது. அதாவது சாயத்தில் தவறினால் காப்பீடும் கைவிடுகிறது. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டு மதிப்பிட்ட மாணவருக்கு இந்தத் தொடர்பு தெரியாமலே போகும்.

எனவே பணத்தைக் காப்பாற்றும் வேலை சாயப்பட்டறையில் ஆரம்பிக்கிறது. பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணி ஒன்றை யூனிட்டிலேயே வைத்திருக்க வேண்டும். துணி வந்ததும், கட்டிங்குக்கு முன்னால், ஒவ்வொரு லாட்டையும் பகல் வெளிச்சத்தில் அதோடு ஒப்பிட வேண்டும். ஒரு சட்டையின் உடலும் கையும் ஒரே லாட்டிலிருந்துதான் வெட்ட வேண்டும். இரண்டாவது பட்டறை ஒன்றுக்குச் சிறிய ஆர்டர்கள் கொடுத்துப் பழக்கி வைக்க வேண்டும். முழு ஆர்டரோடு அவசரத்தில் போய் நின்றால் புதுப் பட்டறையில் ஷேட் உடனே வந்துவிடாது.

கடைசியாகக் கண்காணிப்பு. ஐஎஸ்ஓ 31000 இதைக் கடைசிப் படியாக வைக்கவில்லை, எல்லாப் படிகளோடும் சேர்ந்து நடப்பதாகவே சொல்கிறது. "தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மார்க் கிடையாது. எந்த எண், யார் பார்ப்பது, எந்த அளவைத் தொட்டால் என்ன செய்வது, இவை வேண்டும். கணக்காளர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பையரின் பாக்கியையும் லிமிட்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிறார். பாக்கி லிமிட்டில் 90 சதவீதத்தைத் தொட்டால் முதலாளிக்குச் சொல்கிறார். கெடு தாண்டி 15 நாள் ஆனால் அடுத்த ஷிப்மென்ட் நிற்கிறது. பாக்கியை பாலிசி சொல்லும் கெடுவுக்குள் இசிஜிசிக்குத் தெரிவிக்கிறார். தெரிவிக்கத் தவறினால் கிளெய்முக்கே சிக்கல் வரும். கட்டிங் மாஸ்டர் லாட் நோட்டில் எத்தனை லாட் வந்தது, எத்தனை திரும்பியது என்று குறிக்கிறார்.

[திரை: கேள்வியின் ஆ பகுதி]

ஆ பகுதி இப்படி வரும்: "மூன்று மாதம் கழித்து, பாதி ஆர்டர் இரண்டாவது பட்டறைக்கு மாறுகிறது. ரிஸ்க் பதிவேட்டில் என்ன மாறும்?" பட்டறை நின்றுபோகும் ஆபத்து குறையும். ஆனால் புதுப் பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் லேப் டிப் புதிதாகப் போட்டு, பையரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பழைய பட்டறையில் ஷேட் மாறும் வாய்ப்பு 4-லிருந்து 2-க்கு இறங்கியிருந்தாலும், புதியதற்கு மறுபடி 4 என்றுதான் போடுவேன், அதன் முதல் சில லாட் வெயிலில் விரித்துப் பார்க்கப்படும்வரை.