ஹங்கேரிய வாக்கியத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது, தமிழில் அதை எப்படிக் கொண்டுவருவது?

[திரையில்: அன்னா தெக்னப் எல்க்யுல்த்தெ அ லெவெலெத்.]

இது ஒரு ஹங்கேரிய வாக்கியம். ஒலியை ஏறத்தாழத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். அன்னா ஒரு பெண்ணின் பெயர். ‘தெக்னப்’ நேற்று. ‘அ லெவெலெத்’ கடிதத்தை. நடுவில் இருக்கும் ‘எல்க்யுல்த்தெ’ வினைச்சொல். மொத்தமாக, ‘அன்னா நேற்று கடிதத்தை அனுப்பிவிட்டாள்’. நடந்ததைச் சும்மா சொல்கிறது, எந்தச் சொல்லையும் தூக்கிப் பிடிக்கவில்லை.

அந்த வினையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ‘க்யுல்த்தெ’ என்றால் அனுப்பினாள். முன்னால் ஒட்டியிருக்கும் ‘எல்’ ஒரு முன்னொட்டு. இங்கே அது வேலை முடிந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. நம் ‘விட்டாள்’ செய்கிற வேலைக்கு மிக நெருக்கம்.

இப்போது இதைப் பாருங்கள்.

[திரையில்: அன்னா தெக்னப் க்யுல்த்தெ எல் அ லெவெலெத்.]

அதே சொற்கள்தான். ஒட்டியிருந்த ‘எல்’ மட்டும் கழன்று வினைக்குப் பின்னால் போய்விட்டது. அர்த்தம் மாறிவிட்டது: அன்னா கடிதம் அனுப்பினாள் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம், எப்போது என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் நேற்று.

காரணம் இதுதான். ஹங்கேரியனில் வினைக்கு நேர் முன்னால் ஓர் இடம் இருக்கிறது. வாக்கியத்தில் எது அழுத்தம் பெறவேண்டுமோ அது அங்கே வந்து உட்காரும். பேசும்போது குரலும் அங்கேதான் ஏறும், அடுத்து வரும் வினை தணிந்து ஒலிக்கும். சாதாரண வாக்கியத்தில் அந்த இடத்தை முன்னொட்டு பிடித்திருக்கும். வேறொரு சொல் வந்தால் முன்னொட்டு எழுந்து பின்னால் போகவேண்டும். ‘எல்’ விலகியதால்தான் ‘தெக்னப்’ அந்த இடத்தில் இருப்பது நமக்குத் தெரிகிறது.

அன்னாவையே அங்கே உட்காரவைத்தால்?

[திரையில்: அ லெவெலெத் அன்னா க்யுல்த்தெ எல் தெக்னப்.]

அனுப்பியது அன்னா, வேறு யாரும் இல்லை. ‘கி’ என்றால் யார். அந்தக் கேள்விச்சொல்லும் இதே இடத்தில்தான் வரும்: ‘கி க்யுல்த்தெ எல் அ லெவெலெத்?’ ஆகவே மொழிபெயர்க்க உட்காரும்போது முதல் வேலை, இந்த வாக்கியம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்ப்பது. யார், எப்போது, எதை, இல்லையென்றால் என்ன நடந்தது.

ஏ. கிஷ் கட்டலின் என்ற ஹங்கேரிய மொழியியலாளர் 1998-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துப் பேசப்படுவது. (அங்கேயும் குடும்பப் பெயர்தான் முதலில் வரும், நம் இனிஷியல் மாதிரி.) அவர் சொல்வது: அந்த இடத்தில் இருக்கும் சொல் அழுத்தம் பெறுவதோடு நிற்பதில்லை, மற்றவற்றை விலக்கியும் விடுகிறது. கடிதத்தை அன்னாவோடு சேர்ந்து ஏவாவும் அனுப்பியிருந்தால் மேலே உள்ள வாக்கியம் பொருந்தாது. ‘-உம்’ என்ற பொருள் தரும் ‘இஷ்’ சேர்ந்த பெயர் அந்த இடத்தில் வராது என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. ‘அன்னாவும் அனுப்பினாள்’ என்பது யாரையும் விலக்கவில்லையே.

சரி, தமிழுக்கு வருவோம். நமக்கும் வினைக்கு முன்னிடம் முக்கியம்தான். ‘கடிதத்தை யார் அனுப்பினது?’ என்று கேட்கும்போது ‘யார்’ வினையை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் நம்மிடம் விலகிப்போக ஒரு முன்னொட்டு இல்லை. ‘கடிதத்தை நேற்று அன்னா அனுப்பினாள்’ என்று வரிசையை மட்டும் மாற்றி எழுதினால், காதால் கேட்பவருக்கு அழுத்தம் புரியலாம், தாளில் படிப்பவர் கவனிக்காமல் தாண்டிவிடுவார். அதனால் இரண்டு கருவிகளை எடுக்கிறோம். ஒன்று ‘தான்’. இன்னொன்று வினையை ‘அனுப்பியது’ என்று பெயராக்கி, அழுத்தம் பெறும் சொல்லைக் கடைசியில் வைப்பது.

அன்னா வாக்கியத்துக்கு இரண்டுமே சரி. ‘கடிதத்தை நேற்று அனுப்பியது அன்னா.’ ‘கடிதத்தை நேற்று அன்னாதான் அனுப்பினாள்.’ ஆனால் தொனி வேறு. ‘அன்னாதான்’ என்றால் யாரோ மறுத்தது போலவோ சந்தேகப்பட்டது போலவோ ஒரு வாடை வரும். மூலத்தில் ஒருவர் அமைதியாகக் கேட்டு இன்னொருவர் பதில் சொல்கிறார் என்றால் நான் ‘அனுப்பியது அன்னா’ என்றே எழுதுவேன். சச்சரவு இருந்தால் ‘தான்’.

‘மட்டும்’ போட ஆசை வரும், போடாதீர்கள். அதற்கு ஹங்கேரியனில் ‘ச்சக்’ என்று தனிச்சொல் உண்டு. மூலத்தில் ‘ச்சக்’ இருந்தால் ‘மட்டும்’ எழுதலாம்.

நேற்று வாக்கியம்தான் வம்பு. ‘அன்னா நேற்றுதான் கடிதத்தை அனுப்பினாள்’ என்று எழுதிப் பாருங்கள். தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறது? ‘இவ்வளவு தாமதமாக, நேற்றைக்குத்தான் அனுப்பினாள்’ என்ற குறை. காலச்சொல்லோடு ‘தான்’ சேர்ந்தால் இந்தப் பொருள் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஹங்கேரிய வாக்கியம் தாமதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அது சொல்வது நேற்று, முந்தாநாள் இல்லை என்பது. இங்கே ‘அன்னா கடிதத்தை அனுப்பியது நேற்று’ என்று முடிப்பதே பாதுகாப்பு.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். முதல் வாக்கியத்தில் ‘அனுப்பிவிட்டாள்’ என்றேன், மற்றவற்றில் ‘விடு’ காணோம். கடிதம் போய்விட்டது என்பதே செய்தியாக இருக்கும்போது ‘விட்டாள்’ பொருந்துகிறது. அது தெரிந்த விஷயமாகி, ‘எப்போது’ என்பது செய்தியானதும் ‘அனுப்பிவிட்டது நேற்று’ என்பது இடறுகிறது. ஹங்கேரியனில் முன்னொட்டு பின்னால் போகும் அதே இடத்தில் தமிழில் ‘விடு’ பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. அகராதி பார்த்து ‘எல்’லுக்கு எப்போதும் ‘விடு’ போட்டுக்கொண்டே போனால் வாக்கியம் கனத்துவிடும்.

இதுவரை பார்த்ததில் தவறினால் தொனிதான் கெடும். எதிர்மறையில் தவறினால் உண்மையே மாறும். ‘நெம்’ என்றால் இல்லை.

[திரையில்: அன்னா தெக்னப் நெம் க்யுல்த்தெ எல் அ லெவெலெத்.]

நேற்று அன்னா கடிதத்தை அனுப்பவில்லை.

[திரையில்: அன்னா நெம் தெக்னப் க்யுல்த்தெ எல் அ லெவெலெத்.]

அன்னா கடிதத்தை அனுப்பியது நேற்று அல்ல. அதாவது கடிதம் போயிருக்கிறது, வேறொரு நாளில். ‘நெம்’ எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறதோ அதைத்தான் மறுக்கிறது. இரண்டையும் ‘நேற்று அனுப்பவில்லை’ என்றே எழுதிவிட்டால், இரண்டாவது வாக்கியத்தில் போய்ச்சேர்ந்த கடிதம் தமிழில் அஞ்சலுக்கே போகாமல் நின்றுவிடும்.

முதல் எதிர்மறை வாக்கியத்திலும் ‘எல்’ பின்னால் போயிருக்கிறது, பாருங்கள். அங்கே அதைத் தள்ளியது ‘நெம்’, ‘தெக்னப்’ இல்லை. கட்டளையிலும் இப்படித்தான். ‘க்யுல்த் எல் அ லெவெலெத்!’ என்றால் ‘கடிதத்தை அனுப்பிவிடு!’, அவ்வளவுதான். ஆகவே முன்னொட்டு விலகியிருப்பதைப் பார்த்தவுடன் ‘தான்’ போட்டுவிடக் கூடாது. ‘நெம்’ இருக்கிறதா, கட்டளையா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வினைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடவேண்டும்.

வினையே அழுத்தம் பெறும்போது எழுத்து நம்மைக் கைவிட்டுவிடும். ‘அனுப்பத்தான் செய்தாள், நீ ஏன் இல்லை என்கிறாய்?’ என்ற தொனியில் சொன்னாலும் ஹங்கேரியனில் எழுதுவது நம் முதல் வாக்கியத்தைத்தான், ‘எல்க்யுல்த்தெ’ ஒட்டியபடியே. வித்தியாசம் குரலில் மட்டும். அந்த இடத்தில் முந்தைய வரியில் யாராவது மறுத்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் ‘அனுப்பிவிட்டாள்’, ‘அனுப்பத்தான் செய்தாள்’ இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டும்.