மருந்து டப்பாக்குள்ள இருக்கற பேப்பரை அமுச்சிக்கு புரியற மாதிரி சுருக்கறது எப்படி? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

கேள்வி: "ங்ணா, புளியம்பட்டியில இருந்து கேக்கறனுங்க. எங்க அமுச்சிக்கு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதிருக்காங்க. டப்பாக்குள்ள இருந்த பேப்பரை போட்டோ புடிச்சு வெச்சிருக்கேன், பூரா இங்கிலீஷு, பொடி எழுத்து. அவங்களே படிச்சு புரிஞ்சுக்கற மாதிரி எப்படிங்ணா சுருக்கி எழுதறது?"

சரிங்க அம்மணி, மொதல்ல அந்த போட்டோவை ஒருக்கா பெருசு பண்ணி பாருங்க, மடிப்பு விழுந்த எடத்துல எழுத்து எப்படி தெரியுதுன்னு. ஏன் சொல்றன்னா இந்த மாத்திரை 2.5 எம்ஜின்னு வருது, அந்த புள்ளி மடிப்புல போச்சுன்னா 25ன்னு தெரியும், போன்லயே எழுத்தை காப்பி பண்ணி எடுத்தீங்கன்னா அதுவும் புள்ளியை முழுங்கிட்டு 25ன்னு குடுத்துரலாம், பத்து மடங்கு ஆச்சுங்களா. அதனால பேப்பரை நல்லா நீவி விட்டு, வெடியால வாசல்ல வெளிச்சமா இருக்கறப்ப, மேல இருந்து நேரா வெச்சு நாலஞ்சு துண்டா எடுங்க, ஒண்ணோட கடைசி ரெண்டு வரி அடுத்ததுலயும் வர மாதிரி. நெம்பர் வர்ற எடத்தை எல்லாம் மாத்திரை அட்டையோட பின்பக்கம் அச்சடிச்சிருக்கறதோட ஒத்து பாத்துக்கோங்க.

அடுத்து, அந்த பேப்பர் அமுச்சிக்கு எழுதினதே இல்லைங்க. நம்மூர்ல டப்பாவுக்குள்ள வர்றது பெரும்பாலும் டாக்டருக்குன்னு எழுதின பேப்பர். மெத்தோட்ரெக்ஸேட்டு புத்துநோய்க்கும் குடுக்கற மருந்து, தோல்ல வர்ற சொரியாசிஸுக்கும் குடுக்கறாங்க, மூட்டுவாதத்துக்கும் குடுக்கறாங்க, எல்லாத்துக்கும் ஒரே பேப்பர். புத்துநோய்க்கு உண்டான அளவு ரொம்ப பெருசு, அதை பாத்துட்டு பேத்தி எழுதி குடுத்தா தப்பாயிரும், அதை படிச்சுட்டு அமுச்சி எனக்கு புத்துநோயான்னு ராத்திரி பூரா அழுதுட்டு கெடப்பாங்க. அதனால அந்த பகுதியை பூராவும் கோடு போட்டு தள்ளிருங்க. எத்தனை மாத்திரைங்கறதை பேப்பர்ல இருந்து எடுக்கவே கூடாதுங்க, அது டாக்டர் சீட்டுல இருந்து மட்டும்தான். வயசானவங்களுக்கு கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துத்தான் அளவை முடிவு பண்ணிருப்பாரு, ஏன்னா இந்த மருந்து கிட்னி வழியாத்தான் வெளிய போகுது.

இப்ப எழுதறதுக்கு வருவோம். இந்த மருந்துல மத்த எல்லாத்துக்கும் மேல வர வேண்டிய ஒரு வரி இருக்கு, வாரத்துக்கு ஒரு நாள்தான், தெனமும் கெடையாது. இதை தப்பா தெனமும் போட்டு உசுரு போனவங்க பல நாட்டுலயும் இருக்காங்க. நம்ம அமுச்சிமாருக்கு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைன்னு தெனமும் போட்டே பழக்கம், மாத்திரைன்னாலே வெடியால ஒண்ணு பொழுதோட ஒண்ணுன்னு கை தன்னால போயிரும். இன்னொண்ணு, இது போட்ட உடனே வலி நிக்கற மருந்து இல்லைங்க, வேலை செய்ய ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் கூட ஆகும், வலி கொறையலியேன்னு அவங்களா நடுவுல ரெண்டு சேத்து போட்டுக்குவாங்க, அங்கதான் வெனையே. அதனால "வலி கொறைய ரெண்டு மூணு மாசம் ஆகும், வலிக்குதுன்னு சேத்து போடக்கூடாது"ன்னு அந்த மொத வரிக்கு கீழயே எழுதிருங்க.

கெழமையை பேர் சொல்லி முழுசா எழுதணும், வாரம் ஒரு முறைன்னு மட்டும் போட்டா பத்தாது. புளியம்பட்டின்னு சொன்னீங்க, வியாழக்கெழமை சந்தை, அமுச்சிக்கு தேதி மறந்தாலும் சந்தை மறக்காது. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வியாழனே வெச்சுக்கிட்டா ரொம்ப நல்லது. இதோட ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் குடுத்திருப்பாங்க, வாய்ப்புண்ணு, கொமட்டலை கொறைக்கறதுக்கு, அதை பெரும்பாலும் வேற நாள்லதான் போட சொல்லுவாங்க. ரெண்டுமே சின்னதா மஞ்சளா ஒண்ணு மாதிரியே இருக்கறது உண்டு, அதனால ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டு வெக்காதீங்க.

பக்கவிளைவுக்கு வந்தா, பேப்பர்ல அது நெறைய வரிசையா நிக்கும். சில பேப்பர்ல எத்தனை பேருக்கு வருதுன்னு பிரிச்சிருப்பாங்க, பத்துல ஒருத்தருக்கு மேல வந்தா ரொம்ப சாதாரணம், நூத்துல ஒருத்தர்ல இருந்து பத்து பேரு வரைக்கும்னா சாதாரணம், அதுக்கு கீழ எல்லாம் அரிது. மொத ரெண்டு கூட்டத்துல இருந்து அமுச்சியால உணர முடியறதை மட்டும் எடுங்க, வவுத்தை பெரட்டறது, பசி எடுக்காதது, அசதி, தலைவலி, முடி கொஞ்சம் கொட்டறது, ஒண்ணு ரெண்டு வாய்ப்புண்ணு. ஈரல் என்சைம் அளவு கூடும்னு அங்க போட்டிருப்பாங்க, அது ரத்தத்தை டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும், அமுச்சிக்கு அதை சொல்லி என்ன பண்றது, அதுக்கு பதிலா "டாக்டர் சொன்ன தேதிக்கு ரத்த டெஸ்டுக்கு போகணும்"னு எழுதுங்க.

ஆனா எச்சரிக்கைக்கு அந்த கணக்கு ஆகாதுங்க. அங்க எத்தனை பேருக்கு வருதுங்கறது முக்கியம் இல்லை, வந்தா எவ்வளவு மோசம்ங்கறதுதான் கணக்கு. நெறைய பேரு சுருக்கறேன்னு அரிதானது எல்லாத்தையும் வெட்டிட்டு தலைவலியையும் முடி கொட்டறதையும் மட்டும் வெச்சிருப்பாங்க, கொல்றது பூரா வெட்டினதுலதான் இருக்கும். பேப்பர்ல வெள்ளணு கொறையும்னு இருந்தா அமுச்சி கண்ணுக்கு அது காய்ச்சல், குளுரு, தொண்டை வலியா தெரியும். தட்டணு கொறையும்னு இருந்தா பல் தேய்க்கறப்ப ஈறுல ரத்தம், அடியே படாம தோல்ல நீலமா கன்னி போறது. நுரையீரல் அழற்சின்னா சளி இல்லாத வறட்டு இருமலு, நடந்தா மூச்சு வாங்கறது. ஈரல்னா கண்ணு மஞ்சளா போறது, ஒண்ணுக்கு டீத்தண்ணி நெறத்துல போறது. இப்படி ஒவ்வொண்ணுக்கும் வீட்டுல இருந்தே பாக்கக்கூடிய அடையாளத்தை எழுதணும்.

இதுல வாய்ப்புண்ணுதான் கொஞ்சம் சிக்கலு, அது ரெண்டு எடத்துலயும் வருது. ஒண்ணு ரெண்டு சின்னதா வந்து ஆறுனா அடுத்த தடவை போறப்ப டாக்டர்கிட்ட சொன்னா போதும். ஆனா வாய் பூரா புண்ணாகி, காரம்னு இல்லை, ஆறின மோரு குடிச்சாலே எரியுதுங்கற அளவுக்கு போனா அது மருந்து ஒடம்புல தேவைக்கு மேல தேங்கிட்டதுக்கு மொத அடையாளமா இருக்கலாம். அப்ப அடுத்த மாத்திரையை போடாம அன்னைக்கே டாக்டரை பாக்கணும். வெறும் "வாய்ப்புண் வரலாம்"னு எழுதி விட்டீங்கன்னா, பேப்பர்லயே போட்டிருக்குது சாதாரணம்னு நெனைச்சுட்டு அவங்க ஒரு வாரம் பொறுத்துக்குவாங்க, நம்ம பொம்பளைங்க பொறுத்துக்கறதுல கெட்டி. வாந்தி, பேதியும் அப்படித்தான், ஒரு நாள் கொமட்டறது வேற, நிக்காம போயி தண்ணி சத்து எறங்கறது வேற, ஒடம்புல தண்ணி வத்துனா கிட்னி மருந்தை வெளிய தள்ளாது.

சரி, எல்லாம் சேத்து ஒரு பக்கத்துக்கு வர்றது இப்படி இருக்கும், நான் படிக்கறேன் எழுதிக்கோங்க. உங்க டாக்டர் சீட்டுல வாரத்துக்கு 7.5 எம்ஜின்னு இருக்குது, அட்டை 2.5 எம்ஜின்னு வெச்சுக்கறேன்.

"மூட்டுவாத மாத்திரை. வியாழக்கெழமை மட்டும், ராத்திரி சாப்பிட்டு, 3 மாத்திரை. மத்த நாள் தொடக்கூடாது. வலி கொறைய ரெண்டு மூணு மாசம் ஆகும், சேத்து போடக்கூடாது. மறந்துட்டா பேத்தியை கூப்பிடு. டாக்டர் சொன்ன தேதிக்கு ரத்த டெஸ்டுக்கு போகணும்.

வரலாம், பயப்பட வேண்டாம்: வவுத்தை பெரட்டும், அசதி, பசி இருக்காது, முடி கொஞ்சம் கொட்டும், சின்ன வாய்ப்புண்ணு.

இது வந்தா அடுத்த மாத்திரை போடாம அன்னைக்கே டாக்டர்: காய்ச்சல், தொண்டை வலி. வாய் பூரா புண்ணு. ஈறுல ரத்தம், தோல்ல நீலம். வறட்டு இருமலு, மூச்சு வாங்கறது. கண்ணு மஞ்சள். நிக்காத வாந்தி பேதி. மூச்சு ரொம்ப திணறினா 108.

தெரியாம தெனமும் போட்டிருந்தா ஒடம்பு நல்லா இருந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரி.

கடையில வலி மாத்திரை, சளி காய்ச்சல் மாத்திரை, நாட்டு மருந்து எது வாங்கறதா இருந்தாலும் இந்த சீட்டை காட்டிட்டு வாங்கணும்."

அவ்வளவுதாங்க. மறந்தா ரெண்டு நாளைக்குள்ள போட்டுக்கலாம், அதுக்கு மேல ஆச்சுன்னா விட்டுட்டு அடுத்த வாரந்தான்ங்கறது பொதுவா சொல்றது, ஆனா அந்த கணக்கை அமுச்சி தலையில ஏத்தாம நீங்க வெச்சுக்கோங்க, அதான் பேத்தியை கூப்பிடுன்னு போட்டேன். கடைசி வரி எதுக்குன்னா, நீர்க்கடுப்புக்கு குடுக்கற கோட்ரைமாக்சசோல்னு ஒரு மாத்திரை இருக்கு, அது இதோட சேந்தா ரத்த அணுவை எறக்கிரும், வயசான பொம்பளைங்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வர்றதுதானுங்களே. வலி மாத்திரையும் கிட்னியை இழுத்து விடும், டாக்டரே எழுதி குடுத்தா அது வேற. கர்ப்பம் பத்தி பேப்பர்ல நெறைய இருக்கும், அமுச்சிக்கு வேண்டாம், ஆனா வீட்டுல மாசமா இருக்கற பொண்ணு யாராவது இருந்தா மாத்திரையை ஒடைச்சு குடுக்கற வேலையை அவங்க பண்ணக்கூடாது, அதை வீட்டுல வாயால சொல்லிருங்க.

எழுத்தை கட்டைவெரல் நகம் ஒசரத்துக்கு கருப்பு மையில எழுதுங்க. எழுதி முடிச்சு படிச்சு காட்டிட்டு "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, கேட்டா ம்ம்னுதான் சொல்லுவாங்க. "ஏனுங் அமுச்சி, இன்னைக்கு சனிக்கெழமை கை கால் கொடையுது, என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. மஞ்ச மாத்திரை ஒண்ணு போட்டுக்குவேன்னு சொன்னாங்கன்னா மொத வரி இன்னும் ஏறலைன்னு அர்த்தம், மறுக்கா சொல்லுங்க. முடிஞ்சா அந்த வாரத்துக்கு உண்டான 3 மாத்திரையை மட்டும் அவங்க கையில குடுத்துட்டு மீதி அட்டையை நீங்க எடுத்து வெச்சுக்கோங்க.

அப்பறம் இந்த மாத்திரை 2.5 மட்டும் இல்லைங்க, 7.5, 10 எம்ஜின்னும் அட்டை இருக்கு. அடுத்த மாசம் கடையில 2.5 இல்லைன்னு 7.5 அட்டையை குடுத்தாங்கன்னா, சீட்டுல 3ன்னு இருக்கறதை பாத்து மூணு போட்டா 22.5 ஆயிரும். அதனால சீட்டுல அட்டையோட எம்ஜியையும் எழுதுன தேதியையும் ஒரு மூலையில போட்டு வெச்சு, ஒவ்வொரு தடவை வாங்கிட்டு வந்ததும் ஒத்து பாருங்க, அளவோ அட்டையோ மாறியிருந்தா பழைய சீட்டை கிழிச்சுட்டு புதுசா எழுதிருங்க, அடிச்சு திருத்தாதீங்க.