பையனுக்கு ஒரு பக்க விரையில் திடீர் வலி: ஏற்காட்டிலிருந்து சேலம் வரை ஓடும் கடிகாரம்

[திரையில்: இருட்டு. காபித் தோட்டத்து நடுவுல ஒரு வீடு. சுவர்க் கடிகாரத்துல ராத்திரி 2.30.]

நாகலூர் பக்கம் ஒரு வீடுன்னு வெச்சுக்குவோம். எட்டாவது படிக்கிற பையன், 13 வயசு. நல்லாத் தூங்கிட்டிருந்தவன் வலியில துடிச்சு எழுந்து உட்கார்றான். அம்மா கேட்டா "அடிவயிறு வலிக்குது"ன்னு மட்டும்தான் சொல்றான். 3 மணிக்கு ஒரு வாந்தி. ராத்திரி சாப்பிட்டது சேரலையா, சூடு பிடிச்சிருக்கா? தொப்புளைச் சுத்தி விளக்கெண்ணெய் தடவி, சீரகத் தண்ணி குடுத்து, விடியட்டும்னு படுக்க வைப்பாங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

அவனுக்கு வலி வயித்துல இல்லை, இடது விரையில. அம்மாகிட்ட அதைச் சொல்ல வெட்கம். அதோட, அவன் சொல்றது முழுப் பொய்யும் இல்லை. கரு வளர்ற காலத்துல விரை வயித்துக்குள்ள உருவாகித்தான் கீழே இறங்குது. அதோட நரம்புத் தொடர்பு இன்னும் மேலேதான் இருக்கு. அதனால விரையில பட்டது அடிவயித்துல வலிக்கும், குமட்டிக்கிட்டு வரும். வயித்து வலின்னு சொல்ற பையனை, அப்பாவோ மாமாவோ தனியாக் கூட்டிட்டுப் போய், டவுசரை இறக்கி டார்ச் அடிச்சு ஒரு தடவை பார்த்தே ஆகணும்.

[திரையில்: வரைபடம். விரைப்பை, விரை, மேலே போற நாண்.]

உள்ள என்ன நடக்குது? விரை ஒரு நாண்ல தொங்குது. ரத்தம் கொண்டு வர்ற தமனி, திருப்பிக் கொண்டு போற சிரை, விந்துக் குழாய் எல்லாம் அந்த ஒரே கட்டுக்குள்ளதான் இருக்கு. சாதாரணமா விரையோட பின்பக்கம் பையோட சுவர்ல ஒட்டியிருக்கும். சில பசங்களுக்கு அந்த ஒட்டு பிறவியிலேயே இருக்காது. கோயில் மணிக்குள்ள நாக்கு தொங்குற மாதிரி விரை தனியா ஆடும். 12 வயசுக்கு மேல விரை வேகமாப் பெருசாகுது, எடை கூடுது. அப்ப தூக்கத்துல தசை ஒரு இழுப்பு இழுத்தாலே போதும், நாண் முறுக்கிக்கும். அடிபடணும்னு அவசியமில்லை.

[திரையில்: ஈரத் துண்டை ரெண்டு கை முறுக்குது. மெதுவா.]

முறுக்குன உடனே முதல்ல அடைபடறது சிரை, ஏன்னா அதோட சுவர் மெல்லிசு. தமனி வழியா ரத்தம் உள்ள வந்துட்டே இருக்கும், வெளிய போக வழி இல்லை. அதனாலதான் வீங்குது, கல்லு மாதிரி ஆகுது. வீங்க வீங்க உள்ள அழுத்தம் ஏறி, கடைசியில தமனியும் நின்னுடும். அதுக்கப்புறம் திசு சாக ஆரம்பிக்குது.

6 மணி நேரத்துக்குள்ள முறுக்கை எடுத்துட்டா, நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல விரை பிழைச்சுக்கும். 12 மணி நேரமானா ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ஒரு நாள் தாண்டிட்டா பத்துல ஒண்ணுகூடத் தேறாது. இந்தக் கணக்கு, வீட்டுல தெரிய வந்த நேரத்துலயிருந்து இல்லை, வலி தொடங்குன நிமிஷத்துலயிருந்து.

[திரையில்: மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள்.]

இப்ப நாகலூர் வீட்டுக்கு வருவோம். 3 மணி வாந்திக்கே அப்பா பார்த்துட்டார். இடது பக்கம் வீங்கி, வலதை விட மேலே ஏறி, குறுக்கா நிக்குது. தொட விட மாட்டேங்கிறான். 3.15-க்கு எஸ்டேட் ஜீப்புல கிளம்புறாங்க. ஏற்காடு வந்து, கொண்டை ஊசி வளைவு எல்லாம் இறங்கி சேலம் ஜி.எச். கேஷுவாலிட்டி சேர 4.45. ரத்தப் பரிசோதனை, மயக்க மருத்துவர், அரங்கு தயாராக இன்னும் ஒரு மணி நேரம். 5.45-க்குக் கத்தி வெச்சா, மொத்தம் மூணேகால் மணி நேரம்தான் போயிருக்கு.

அதே பையனை விடிஞ்சு 7 மணிக்குக் கிளப்பி, வழியில ஒரு கிளினிக்ல உட்கார வெச்சு, அவங்க எழுதிக் குடுத்த ஸ்கேனை எடுக்க லேப் திறக்கக் காத்திருந்து, 11.30-க்கு கேஷுவாலிட்டி சேர்றான்னு வைங்க. அரங்குக்குப் போக 12.30. பத்து மணி நேரம். மலை எடுத்துக்கிட்டது ரெண்டு தடவையும் ஒரே ஒன்றரை மணி நேரம்தான். மிச்சம் காத்திருந்ததுல போனது.

அதனால வலி தொடங்குன நேரத்தைக் கையிலயே எழுதிக்குங்க. 108-க்குப் போன் பண்ணுங்க, ஆனா வண்டி வாசல்ல நின்னா அதுலயே கிளம்புங்க. ராத்திரியிலயும் ஆபரேஷன் பண்ற சர்ஜன், மயக்க மருத்துவர் இருக்கற இடத்துக்கு நேராப் போங்க. வாய் வழியா எதுவும் வேண்டாம். ஏற்கெனவே குடுத்தது என்ன, எத்தனை மணிக்குன்னு சொல்லிடுங்க. ஒத்தடம், எண்ணெய் எதுவும் முறுக்கைப் பிரிக்காது. விரையை நீங்களே கையால திருப்பிப் பார்க்கவே கூடாது. எந்தப் பக்கம் முறுக்கியிருக்குன்னு வெளியிலிருந்து நிச்சயமாச் சொல்ல முடியாது, தப்பான பக்கம் திருப்பினா முறுக்கு இன்னும் இறுகும். கையெழுத்துப் போட அம்மாவோ அப்பாவோ கூடவே போகணும்.

கேஷுவாலிட்டியில "வயித்து வலி"ன்னு சொல்லாதீங்க. "2.30-லயிருந்து ஒரு பக்க விரையில திடீர் வலி, முறுக்கா இருக்குமோன்னு சந்தேகம்"னு சொல்லுங்க. டாக்டர் தொடையோட உள்பக்கத்தை லேசா வருடுவார். சாதாரணமா அந்தப் பக்க விரை சட்டுன்னு மேலே ஏறும். முறுக்குன விரை பெரும்பாலும் அசையாது. விரை கல்லா இருக்கு, மேலே ஏறியிருக்கு, வாந்தி, இந்த வருடலுக்கும் அசையலைன்னா, ஸ்கேனுக்குக் காத்திருக்காம அரங்குக்குக் கொண்டு போறதுதான் முறை. டாப்ளர் ஸ்கேன் சந்தேகமான இடத்துல உதவும். ஆனா முறுக்கு அரைகுறையா இருந்தா, ரத்த ஓட்டம் நல்லா இருக்குன்னே அது காட்டிடலாம்.

இதே வலி வேற காரணத்தாலயும் வரும். பொன்னுக்கு வீங்கி வந்து சில நாள் கழிச்சு விரை வீங்கும். 7-லயிருந்து 12 வயசுப் பசங்களுக்கு விரை மேல ஒட்டியிருக்கற சின்னத் துணுக்கு மட்டும் முறுக்கிக்கறதும் உண்டு. அதுல வலி மெதுவா ஏறும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டியது டாக்டர். 'இன்ஃபெக்‌ஷன்'னு மாத்திரை குடுத்து அனுப்பினா, "முறுக்கு இல்லைன்னு எதை வெச்சு சொல்றீங்க டாக்டர்?"னு கேட்கறதுல தப்பே இல்லை.

[திரையில்: ஒப்புதல் படிவத்துல பேனா.]

ஒப்புதல் படிவத்துல மூணு விஷயம் இருக்கும். பையைத் திறந்து முறுக்கைப் பிரிப்பாங்க, வெதுவெதுப்பான சலைன்ல நனைச்ச துணியில சுத்தி நிறம் திரும்புதான்னு சில நிமிஷம் பார்ப்பாங்க. கறுப்பு மாறி சிவந்தா பையோட சேர்த்துத் தைப்பாங்க. மாறவே இல்லைன்னா எடுத்துடுவாங்க. மூணாவது, நல்லா இருக்கற வலது பக்கத்தையும் தைப்பாங்க. அதைக் கேட்டதும் வீட்டுக்காரங்க பதறுவாங்க. ஒட்டு இல்லாத குறை பெரும்பாலும் ரெண்டு பக்கமும் இருக்கும், அதுக்காகத்தான். ஒரு விரை போனாலும் மீசை, குரல், பின்னாடி குழந்தை, எல்லாத்துக்கும் மத்தது பொதுவாப் போதும். அந்த ஒண்ணைக் காப்பாத்தத்தான் இந்தத் தையல்.

வலி தானா நின்னுடுச்சேன்னு பாதி மலையில வண்டியைத் திருப்பாதீங்க. முறுக்கு பிரிஞ்சும் வலி நிக்கும், விரை செத்தும் வலி நிக்கும். பத்து நிமிஷம் வலிச்சுத் தானா அடங்குறது முன்னாடி ரெண்டு தடவை வந்த பையன்னா, அன்னைக்கே சர்ஜன்கிட்ட காட்டுங்க. அது முறுக்கி முறுக்கிப் பிரியற விரையா இருக்கலாம்.